காசு எந்தப் பெட்டிக்கு?

எங்களிட்ட சேர்த்து வைச்ச காசு 28,000 ரூபாய் இருந்தது. அதில புது ரவுட்டர் வாங்கிறதெண்டு ஏறக்குறைய முடிவெடுத்திட்டம். கிளிநொச்சியில ஏ9 வீதியில இருந்து கொஞ்சம் உள்ளுக்க, ஒரு வீட்டின்ர முன் விறாந்தையும் பின் அறையும்தான் எங்கட வாசிப்பிடம். இணைப்பு, சிம் போட்டுப் பாவிக்கிற வீட்டு 4ஜி. நிறுவனம் தந்த வெள்ளைப் பெட்டி விறாந்தை அலுமாரிக்கு மேல இருந்தது.

எங்களில ஒரு தங்கச்சி வீட்டில இருந்தே செய்யிற ஒரு வேலைக்கு நேர்முகம் குடுத்தா. சத்தமில்லாமல் இருக்கட்டும் எண்டு பின் அறையில இருந்தவ. இருபது நிமிசத்தில மூண்டு தரம் அறுந்துபோச்சு. "நான் சொன்ன விடை அவைக்குப் போய்ச் சேரேல்ல அண்ணா, கேள்வியை மட்டும் திருப்பித் திருப்பிக் கேட்டவை" எண்டு அழுதா. ரெண்டாவது நேர்முகத்துக்கு ஒரு கிழமை இருந்தது. கோவத்தில எல்லாரும் ஒரே குரலில சொன்னது: "அவங்கள் தாற பெட்டி சரியில்லை, சொந்தமா நல்லது ஒண்டு வாங்குவம்."

பரந்தனில கடை வைச்சிருக்கிற ஒரு அண்ணாவிட்ட விலை கேட்கப் போனம். அவர் விலை சொல்லேல்ல. "எந்தப் பெட்டி பிழை எண்டு பாத்தனீங்களோ?" எண்டு கேட்டார். எங்களுக்கு விளங்கேல்ல. வீட்டில ஒரு பெட்டிதானே இருக்கு?

அவர் சொன்னது இதுதான். நிறுவனம் தாற பெட்டிக்குள்ள ரெண்டு வேலை நடக்குது. ஒண்டு, டவரோட கதைக்கிறது. அது மோடம். மற்றது, எங்கட ஃபோனோடயும் மடிக்கணினியோடயும் கதைக்கிறது. அது வைஃபை. வேகம் குறையிறது இந்த ரெண்டில எதிலயும் இருக்கலாம், ரெண்டும் சரியா இருந்து டவரே நெரிசலில நிக்கலாம். எது எண்டு தெரியாமல் வாங்கினால் காசு போகும், வேகம் வராது.

பிரிச்சுப் பாக்கிறது சுகம். மடிக்கணினியை ஒரு லான் வயரால நேரா ரவுட்டரில கொழுவி, வைஃபையை நிப்பாட்டிப்போட்டு வேகத்தை அளக்கோணும். அப்ப வைஃபை கணக்கிலயே இல்லை. வாறது மோடத்தின்ர வேகம். பிறகு வயரைக் கழட்டி, அதே இடத்திலயும் மற்ற அறைகளிலயும் வைஃபையில அளக்கோணும். ஒவ்வொண்டையும் மூண்டு தரம் அளந்து நடுவில வாறதை எடுத்தம்.

காலமை பத்து மணிக்கு எங்களுக்கு வந்தது: வயரில 6 Mbps, விறாந்தையில வைஃபையில 5.5, பின் அறையில 1.2. அதாவது எங்களுக்கு ஒரு பிழை இல்லை, ரெண்டு பிழை. டவரில இருந்து வாறதே குறைவு. வந்த அந்தக் கொஞ்சமும் ரெண்டு சீமெந்துக் கல்லுச் சுவரைத் தாண்டிப் பின் அறைக்குப் போகேல்ல.

முதல் பிழைக்குக் காசு செலவழிக்கேல்ல. ரவுட்டரின்ர பக்கத்தை உலாவியில திறந்தம் (எங்கடது 192.168.8.1, சிலதுக்கு 192.168.1.1, பெட்டிக்குக் கீழ ஒட்டியிருக்கும்). அதில ரெண்டு இலக்கம் பாக்கோணும். RSRP எண்டது சிக்னல் எவ்வளவு பலமா வருது எண்டது. அது மறை எண். பூச்சியத்துக்குக் கிட்ட வர வர நல்லது. -80 நல்லாயிருக்கு, -110 தாண்டினால் கஷ்டம். SINR எண்டது அந்தச் சிக்னல் இரைச்சலுக்கு மேல எவ்வளவு தெளிவா இருக்கு எண்டது. அது கூடக் கூட நல்லது. அலுமாரிக்கு மேல எங்களுக்கு -112, SINR 2. முன் பக்கக் கூரை தகரம். டவர் இருக்கிறதோ மற்றப் பக்கம்.

நீட்டு வயர் ஒண்டோட பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்கத் திரிஞ்சம். ஒவ்வொரு இடத்திலயும் ரெண்டு நிமிசம் வைச்சுத்தான் இலக்கத்தைப் பாத்தம், ஏனெண்டால் அது உடன நிலைக்காது. டவர்ப் பக்க யன்னல் கட்டில வைச்சபோது -98, SINR 11 வந்துது. வயரில அளந்தால் 18 Mbps. பெட்டி அதே பெட்டி, மூண்டு மடங்கு வேகம்.

ஆனால் பின் அறையில இன்னும் 2தான். இங்கதான் சொந்த ரவுட்டருக்கு வேலை வந்துது. நிறுவனத்தின்ர பெட்டியைத் தூக்கி எறியேல்ல. அது யன்னலில மோடமா இருக்கட்டும் எண்டு விட்டிட்டு, 9,000 ரூபாய்க்கு ஒரு சாதாரண வைஃபை ரவுட்டரும் வயரும் வாங்கிப் பின் அறை வாசலில வைச்சம். சிம் போடுற 4ஜி ரவுட்டர் எண்டால் எங்கட காசு முழுக்கப் போயிருக்கும்.

கொழுவிறதில ஒரு பிழை விட்டம். புது ரவுட்டரை அப்பிடியே போட்டால் அதுவும் தனக்கெண்டு ஒரு வலையமைப்பை உருவாக்கும். விறாந்தையில இருக்கிற பிரிண்டரைப் பின் அறை மடிக்கணினி காணாது. அதன்ர அமைப்பில 'அக்சஸ் பொயின்ற்' முறைக்கு மாத்தின உடன சரியாச்சு. ரெண்டு பெட்டியும் ஒரே அலைவரிசையில ஒண்டையொண்டு குழப்பாமல் இருக்க, 2.4 கிகாஹேர்ட்ஸில ஒண்டைச் சனல் 1இலயும் மற்றதை 11இலயும் வைச்சம். பின் அறையில 15 Mbps வந்துது.

அப்ப 4ஜி ரவுட்டரையே மாத்திறது எப்ப பிரயோசனம்? முல்லைத்தீவுப் பக்கம் இருக்கிற எங்கட கூட்டாளி ஒருத்தன்ர வீட்டில எந்த யன்னலில வைச்சாலும் -115க்கு மேல ஏறேல்ல. அவனுக்குக் கூரைக்கு மேல கம்பத்தில பூட்டுற வெளிப்புற 4ஜி பெட்டிதான் வழி. அதை வாங்க முதல் ரெண்டு கேள்வி கேட்கச் சொன்னம். அந்த டவர் பாவிக்கிற பாண்ட் இந்தப் பெட்டியில இருக்கோ? நிறுவனத்தின்ர சிம் வேற பெட்டியில வேலை செய்யுமோ, இல்லாட்டித் தந்த பெட்டியோட பூட்டியிருக்கோ? இதில ஒண்டு பிழைச்சாலும் வாங்கினது அலுமாரிக்குள்ளதான்.

வவுனியா ரவுணில ஃபைபர் எடுத்த அக்காவின்ர கதை வேற. ஃபைபர் வந்து முடியிற பெட்டி நிறுவனத்தின்ர பக்கத்தில பதிஞ்சிருக்கும். கடையில வாங்கின ஒண்டை அதுக்குப் பதிலாக் கொழுவினால் இணைப்பு வராது. அதுக்குப் பின்னால சொந்த ரவுட்டர் போடலாம். அதில லான் துளை கிகாபிட்டோ எண்டு பாக்கோணும். 100 Mbps துளை எண்டால் பொதி 300 எண்டாலும் 95க்கு மேல காணாது. எங்கட 18க்கு அந்தக் கவலையே இல்லை.

எல்லாம் செய்தும் இரவு எட்டு மணிக்கு அளந்தால் வயரிலயே 4தான். RSRP, SINR ரெண்டும் காலமை மாதிரியே நல்லா நிக்குது. அப்ப பிழை எங்கட வீட்டில இல்லை. ஊரே அந்த ஒரு டவரில தொங்கி நிக்குது. எந்த ரவுட்டர் வாங்கினாலும் அது மாறாது. நிறுவனத்துக்கு முறைப்பாடு எழுதேக்க, காலமை, இரவு இலக்கங்களைப் பக்கத்தில பக்கத்தில போட்டு அனுப்பினம். "ரவுட்டரை ஒருக்கா நிப்பாட்டிப் போடுங்கோ" எண்ட வழமையான பதில் இந்த முறை வரேல்ல. நெரிசல் எண்டு ஒத்துக்கொண்டினம். டவர் இன்னும் அப்பிடியேதான் இருக்கு.

தங்கச்சி ரெண்டாவது நேர்முகத்தைக் காலமை பத்து மணிக்குக் கேட்டு எடுத்தா. முக்கால் மணித்தியாலம், ஒருக்காலும் அறேல்ல. வேலை கிடைக்கேல்ல. "இந்த முறை நான் சொன்னது முழுக்கக் கேட்டவை, அதுக்குப் பிறகுதான் வேண்டாம் எண்டவை" எண்டு சொல்லிச் சிரிச்சா. மிச்சம் 19,000 ரூபாய் இருக்கு. அடுத்ததுக்கு அவ விண்ணப்பிச்சிட்டா.