ஷீலா மோப்பம் பிடித்தது பையை அல்ல, என்னை!

காவல்துறை மோப்ப நாய்ப் பிரிவில் பல வருடங்கள் வேலை பார்த்தவன் நான். ரயில் நிலையத்தில் நாயோடு நிற்கும்போது பயணிகள் தவறாமல் கேட்பார்கள்: "வெடிமருந்து வாசனை அதுக்கு எப்படி சார் தெரியுது?"

உண்மையில், அதைக் கற்றுக்கொடுப்பது சுலபம். கயிற்றின் மறுமுனையில் நிற்கும் மனிதனைத் திருத்துவதுதான் கஷ்டம். அதை எனக்குப் புரியவைத்தது ஷீலா, என் கறுப்பு லாப்ரடார்.

குட்டியாக இருந்தபோது ஷீலாவை ஒரு பந்தை வைத்துத்தான் தேர்ந்தெடுத்தோம். உயரமான புல்லுக்குள் பந்தை எறிவோம். சில குட்டிகள் கொஞ்ச நேரம் தேடிவிட்டு நம் காலடிக்கே வந்துவிடும். ஷீலா விடவே இல்லை. பிறகு அதன் பின்னால் ஒரு எவர்சில்வர் தட்டைக் கீழே போட்டோம். திடுக்கிட்டது. ஆனால் அடுத்த நிமிடமே திரும்பி வந்து தட்டை முகர்ந்தது. பயந்தாலும் சீக்கிரம் தெளிகிற குட்டிதான் ரயில் நிலைய இரைச்சலில் வேலை செய்யும்.

பயிற்சியும் அந்தப் பந்தை வைத்துத்தான். துளை போட்ட டப்பாக்களை வரிசையாக வைப்போம். ஒன்றில் மட்டும் துளி வெடிமருந்து இருக்கும். நாய் அதை முகர்ந்த நொடியில் பந்து கிடைக்கும். அடுத்த கட்டமாக, முகர்ந்ததும் அசையாமல் உட்கார்ந்தால்தான் பந்து. பிறாண்டக் கூடாது, நிஜ குண்டாக இருந்தால் தொடுவதே ஆபத்து. மற்ற டப்பாக்களில் பிஸ்கெட், பழைய துணி, நாங்கள் போட்டிருந்த கையுறை எல்லாம் வைப்போம். இல்லையென்றால் நாய் மருந்தை விட்டுவிட்டு, அதை எடுத்து வைத்தவரின் கையுறை வாசனையைக் கற்றுக்கொண்டுவிடும்.

சில மாதங்களில் ஷீலா ஒரு தேடலில்கூடத் தவறவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்போது புதிதாக வந்த அதிகாரி ஒருவர், "நாளைக்கு நான் டெஸ்ட் வைக்கிறேன். எதுல மருந்து இருக்குன்னு உங்களுக்குச் சொல்லமாட்டேன்" என்றார். அறையில் பத்துப் பைகள் இருந்தன. வேறு யாரும் உள்ளே இல்லை. நான்காவது பை புடைத்திருந்தது, பூட்டும் தொங்கியது. அதுவாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். ஷீலா அதன் முன்னால் போய் கம்பீரமாக உட்கார்ந்தது.

"சார், நாலாவது பை."

"பத்துலயும் ஒண்ணும் இல்லைய்யா" என்றார் அவர்.

செல்போனில் எடுத்த வீடியோவையும் காட்டினார். நான்காவது பையருகே என் நடை மெதுவாகிறது. கயிறு லேசாக இறுகுகிறது. ஷீலா பையை முகர்ந்துவிட்டு என் முகத்தைப் பார்க்கிறது. பிறகுதான் உட்காருகிறது. இத்தனை நாளும் மருந்து எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிந்த தேடல்களைத்தான் செய்திருந்தோம். அது வாசனையோடு சேர்த்து என்னையும் படித்திருக்கிறது.

இது எங்கள் இருவருக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 2011-ல் வெளியான கலிஃபோர்னியா ஆய்வு ஒன்றில், 18 நாய்களும் அவற்றின் பயிற்சியாளர்களும் ஒரு தேவாலயத்தில் மொத்தம் 144 முறை தேடினார்கள். அங்கே எதுவுமே வைக்கப்படவில்லை. ஆனால் பொருள் இருக்கலாம் என்று பயிற்சியாளர்களிடம் சொல்லியிருந்தார்கள். நாய் எதையும் காட்டாமல் சரியாக முடிந்த தேடல்கள் 21 மட்டுமே.

அன்றிலிருந்து எங்கள் பயிற்சியை மாற்றினோம். மருந்தை இன்னொருவர் மறைத்துவிட்டு வெளியே போய்விடுவார். எந்தப் பைக்கும் நான் நிற்காமல் ஒரே வேகத்தில் நடக்க வேண்டும். சில நாள் அறையில் மருந்தே இருக்காது. உட்காராமல் தேடி முடித்தால், கடைசியில் வெளியே போய் வேறு விளையாட்டு. இல்லையென்றால், 'தேடினால் எப்போதும் ஏதாவது இருக்கும்' என்று நாய் முடிவு கட்டிவிடும். முதல் வாரங்களில் ஷீலா தடுமாறியது. பைக்குப் பை நின்று என் முகத்தைப் பார்த்தது. நான் சுவரைப் பார்த்தபடி நடந்தேன். மெல்ல மெல்ல அந்தப் பார்வை குறைந்தது.

இரண்டு மாதம் கழித்து ஒரு பயிற்சித் தேடல். காலியான மர அலமாரி, கதவு திறந்தே கிடந்தது. உள்ளே ஒன்றுமில்லை என்று எனக்கு நிச்சயம். ஆனால் ஷீலா அங்கே நின்றுவிட்டது. "வாம்மா" என்று என்னையறியாமல் கயிற்றை இழுத்தேன். இரண்டடி வந்தது, திரும்பிப் போனது, அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்தது. இந்த முறை என் முகத்தைப் பார்க்கவில்லை. மூக்கு அலமாரியின் அடிப்பலகையை நோக்கியே இருந்தது.

அந்த அதிகாரி பலகையை நெம்பி எடுத்தார். மருந்துப் பொட்டலம் அதன் அடியில் இருந்தது. நான் பந்தை எறிந்தேன்.

இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். ரயில் நிலையத்தில் மோப்ப நாயைப் பார்த்தால், என் கண் முதலில் போவது கயிற்றின் மீதுதான். கயிறு தளர்ந்து தொங்கி, நாய்க்காரர் எந்தப் பையையும் முறைக்காமல் நடந்தால், அந்த ஜோடியை நம்பி என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறுகிறேன்.