போட்டோவில் தெரியாத சிவப்பு



கொஞ்சம் நீளமான பதிவு. கரவெட்டியில் என்னிடம் படிக்கும் ஒரு பிள்ளையின் அம்மா சம்மதம் தந்ததால் எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்றார்.

ஒரு நாள் இரவு அவர் வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். "டீச்சர், அம்மான்ர வாய்க்குள்ள வெள்ளையா ஒண்டு கிடக்கு. நோ ஒண்டும் இல்லையாம். என்னெண்டு பாருங்கோ." நான் விஞ்ஞானம் படிப்பிப்பதால் என்னிடம் கேட்டிருக்கிறார். கன்னத்தின் உட்பக்கத்தில் பெருவிரல் நகமளவு வெள்ளைத் திட்டு. பக்கத்தில் உடைந்த பல் ஒன்றும் தெரிந்தது. இணையத்தில் நாலைந்து படங்களோடு ஒப்பிட்டுவிட்டு, "பல்லு உரசியிருக்கும், கொஞ்ச நாள் பாருங்கோ" என்று எழுதினேன். நோவில்லை என்றது எனக்கு ஆறுதலாகவும் இருந்தது.

அந்தக் "கொஞ்ச நாள்" ஐந்து கிழமையாகிவிட்டது. திட்டு அப்படியே இருந்தது. பிறகுதான் மந்திகை ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நானும் கூடப் போனேன்.

பல் டொக்டர் முதலில் ஒரு துணித்துண்டால் அந்த வெள்ளையைத் துடைத்துப் பார்த்தார். பூஞ்சணத்தால் வரும் வெள்ளையென்றால் பெரும்பாலும் துடைக்க வந்துவிடும். இது வரவில்லை. பிறகு கையுறை போட்ட விரலால் அழுத்தித் தடிப்பு இருக்கிறதா என்று பார்த்தார். கன்னத்தை நன்றாக இழுத்து, கொடுப்பின் ஆழம் வரை ரோர்ச் அடித்தார். அங்கே வெள்ளைக்குப் பின்னால் வெல்வெட் துணிபோல ஒரு சிவப்புத் திட்டு. அம்மம்மா வெற்றிலையோடு புகையிலைத் துண்டை வருடக்கணக்காக அடக்கி வைத்த இடம் அது.

போனில் இருந்த படத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். அந்த மூலையும் படத்தில் இருக்கிறது. ஆனால் பிளாஷ் வெளிச்சம் ஈரத்தில் பட்டு வெள்ளையைப் பளிச்சென்று காட்டியிருக்கிறது. சிவப்பு சுற்றியிருந்த தசை நிறத்தோடும் வெற்றிலைக் கறையோடும் கலந்துபோய்விட்டது. துடைத்தால் வருமா, தொட்டால் தடிக்குமா என்பதையும் எந்தப் படமும் சொல்லாது.

இரண்டில் கூடப் பயப்பட வேண்டியது அந்தச் சிவப்புத்தான். வெள்ளைத் திட்டுகளில் பெரும்பாலானவை புற்றுநோயாக மாறுவதில்லை. சிவப்புத் திட்டு அப்படியல்ல. வேறு காரணம் இல்லாமல் நிலைத்து நிற்கும் சிவப்பில், சோதிக்கும்போதே கலங்கள் மோசமாக மாறியிருப்பதோ, புற்றுநோய் தொடங்கியிருப்பதோதான் அதிகம். இந்தக் கட்டத்தில் பெரும்பாலும் நோவதும் இல்லை.

யாழ் போதனா வைத்தியசாலையில் வாய், முக அறுவைச் சிகிச்சை நிபுணரிடம் அனுப்பினார்கள். அவரும் கண்ணால் பார்த்து முடிவு சொல்லவில்லை. விறைப்பூசி போட்டு, சிவப்புப் பகுதியிலிருந்து சிறிய இழையத் துண்டு எடுத்து நுணுக்குக்காட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார். வெள்ளையில் மட்டும் எடுத்திருந்தால் மோசமான இடம் தவறிப்போயிருக்கும். முடிவு: கலங்கள் கடுமையாக மாறியிருக்கின்றன, ஆனால் இன்னும் ஆழத்துக்கு ஊடுருவவில்லை. அல்ஹம்துலில்லாஹ். திட்டு முழுவதையும் வெட்டி எடுத்துவிட்டார்கள். வெட்டிய பிறகும் திரும்பி வரக்கூடும் என்பதால் தொடர்ந்து கிளினிக் போகிறார். புகையிலையை விட்டுவிட்டார்.

டொக்டரிடம் என் பிழையைச் சொன்னேன். அவர் சொன்னார்: "பல்லு உரசியிருக்கும் எண்டு நினைச்சது பிழையில்லை டீச்சர். திகதி சொல்லாததுதான் பிழை." உரசும் பல்லை ராவி, வெற்றிலையை நிறுத்தினால், உரசலால் வந்த புண் இரண்டு கிழமைக்குள் ஆறத் தொடங்கிவிடும். இரண்டு கிழமை தாண்டியும் நின்றால் காரணம் வேறு, நிபுணர் பார்க்க வேண்டும். சிவப்பு, தடிப்பு, ஆறாத புண், நாக்கின் ஓரத்திலோ அடியிலோ திட்டு என்றால் அந்த இரண்டு கிழமையும் காத்திருக்கத் தேவையில்லை.

ஒரு காலத்தில் நம் யாழ்ப்பாணப் புகையிலைக்குப் பெரிய சந்தை திருவிதாங்கூர். அதே திருவனந்தபுரம் பகுதியில் 1996இல் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாய்களைப் பார்த்து, சந்தேகமானவர்களை வைத்தியரிடம் அனுப்பினார்கள். 2005இல் வந்த முடிவின்படி, புகையிலையோ மதுவோ பாவிப்பவர்களிடையே வாய்ப் புற்றுநோய் மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. அங்கே உதவியது நேரில் வாயைத் திறந்து பார்த்ததும், உடனே அனுப்பியதும்தான்.

இப்போதும் எனக்குப் படங்கள் வருகின்றன. என்ன வருத்தம் என்று நான் சொல்வதில்லை. படம் எடுத்த திகதியைக் கேட்கிறேன். அதிலிருந்து பதினாலாவது நாளை நாட்காட்டியில் வட்டம் போடச் சொல்கிறேன். அன்றும் திட்டு இருந்தால், படத்தை எனக்கு அனுப்பாமல் ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கள்.