பிரான்ஸ் ஹோட்டலில் "கறி இருக்கா?" என்று மட்டும் கேட்டால் போதாது

நம்ம புதுச்சேரியில் பலருக்கு பிள்ளைகள் பிரான்சில் இருக்காங்க. லீவுக்குக் கிளம்பும் முன் இந்தத் திரியைப் படிச்சிடுங்க.

அங்கே "வியாந்த்" என்றால் கறி. அது வேணாம்னு சொன்னாலும் மீன் வரலாம், ஏன்னா மீனை அந்த வார்த்தைக்குள் பெரும்பாலும் சேர்க்க மாட்டாங்க. "வெஜிதேரியன்" என்று கேட்டால் கறியும் மீனும் போகும், ஆனால் முட்டை இருக்கும். நம்ம ஊரில் முட்டை அசைவம், அங்கே அப்படி இல்லை.

ஒரே மேசையில் முட்டைகூடத் தொடாத சைவப் பாட்டியும், முட்டை அலர்ஜி உள்ள பேரனும் உட்கார்ந்திருப்பதாக வெச்சுக்குவோம். மெனுவில் "கலெத் கோம்ப்ளெத்" இருக்கு. கோதுமை இல்லாத ஒரு மாவில் (பக்வீட்) சுட்ட தோசை மாதிரி. உள்ளே பன்றித்தொடைக் கறி, சீஸ், முட்டை.

கறியை மட்டும் எடுக்கச் சொன்னால் முட்டை அப்படியே வரும். அதையும் எடுக்கச் சொல்லிட்டீங்க. அடுத்து மாவைக் கேளுங்க. வழக்கமா மாவு, தண்ணீர், உப்புதான், ஆனால் சில கடைகளில் முட்டையும் கலப்பாங்க. இனிப்பு க்ரெப் மாவில் எப்பவும்போல முட்டை இருக்கும்.

கடைசியா கல். முந்தின ஆளுக்கு முட்டை உடைச்சு ஊத்தின அதே கல்லில் சுட்டால், பாட்டிக்கு அது மனசு சம்பந்தப்பட்டது. பேரனுக்கு அது மூச்சு சம்பந்தப்பட்டது. அதனால் "பிடிக்காது"ன்னு சொல்லாதீங்க, "அலர்ஜி"ன்னே சொல்லுங்க. பிரெஞ்சிலும் கிட்டத்தட்ட அதே வார்த்தைதான்.

இதில் சட்டம் பேரனுக்கு உதவும். ஐரோப்பாவில் 2014 டிசம்பரிலிருந்து ஹோட்டல்கள் 14 அலர்ஜிப் பொருட்கள் பற்றி வாடிக்கையாளருக்குத் தெரிவிக்கணும். முட்டை, மீன், பால் அந்தப் பட்டியலில் உண்டு. "அலர்ஜி லிஸ்ட் காட்டுங்க"ன்னு கேட்கலாம்.

ஆனால் பாட்டிக்கு அந்த லிஸ்ட் பாதிதான் உதவும். மாட்டுக்கறி, பன்றிக்கறி, ஜெலட்டின் அந்த 14-இல் இல்லை. வெங்காய சூப்பில் ஒரு துண்டு கறி கண்ணில் படாது, ஆனால் வழக்கமா அது மாட்டெலும்பு வேகவெச்ச சாறில் செய்வது. அதனால் சூப், சாஸ் எதுவானாலும் "பூயோன் எதில் செஞ்சது?"ன்னு கேளுங்க. பூயோன் என்றால் அந்தச் சாறுதான்.

"வீகன்" என்று கேட்பது பாட்டிக்கு சுலபமான வழி, கறி, மீன், முட்டை மூணும் போயிடும் (பாலும்தான்). ஆனால் வீகன் என்பது அலர்ஜிக்கு உத்தரவாதம் இல்லை. அதே கரண்டி, அதே கல் பிரச்சினை அங்கேயும் உண்டு.

சாப்பிட்ட சில நிமிடங்களில் உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, கூடவே மூச்சுத் திணறல், குரல் மாற்றம் என்றால் அலர்ஜி மாத்திரை கொடுத்துக் காத்திருக்கக் கூடாது. டாக்டர் எழுதிக் கொடுத்த அட்ரினலின் பேனாவைத் தொடையில் போடணும், 112-க்கு போன் பண்ணணும். பேனா கைப்பையில் இருக்கட்டும், செக்-இன் பெட்டியில் வேணாம்.