வெளுத்துப்போன நாலு கட்டைகள்

எங்கள் ஊர் ரயில்வே கேட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், நாலு ஸ்லீப்பர் கட்டைகளைச் சுற்றி மட்டும் ஜல்லி மாவு சிந்தியது போல வெளுத்துக் கிடந்தது. "கான்கிரீட்டும் கல்லும் உரசி உதிர்ந்த தூள் சார்," என்றார் கேங் மேஸ்திரி.

அந்த நேரம் சரக்கு ரயில் ஒன்று வந்தது. ஒதுங்கி நின்று பார்த்தேன். சக்கரம் ஏறும்போதெல்லாம் அந்தக் கட்டைகள் அமிழ்ந்து எழுந்தன. அடியில் இருந்த ஜல்லி நொறுங்கி இறங்கிவிட்டதால், தாங்க வேண்டிய கட்டையே தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது.

கேட் அறை வாசலில் பழைய மரக்கட்டை ஒன்று பெஞ்சாகக் கிடந்தது. அதைப் புரட்டிக் காட்டினார். அடிப்பக்கம் முழுக்க அம்மைத்தழும்பு போலக் குழிகள். மரம் கல்லுக்கு இடம் கொடுக்கும். கல் அதில் பதிந்து உட்கார்ந்துகொள்ளும். கான்கிரீட் இடம் கொடுக்காது. சுமையெல்லாம் சில கற்களின் முனைகளில் இறங்கும். முனை உடையும், தூளாகும். தூள் இடுக்கை அடைத்துவிட்டால் மழைநீர் வடியாது. பிறகு ஒவ்வொரு ரயிலும் சேற்றை மேலே பீய்ச்சியடிக்கும். கான்கிரீட் கட்டைக்கு அடியில் ஓர் அடி உயரத்துக்குச் சுத்தமான ஜல்லி கேட்பது இதனால்தான். ஜல்லியே இல்லாத இரும்புப் பாலங்களில் மரக்கட்டை வெகுகாலம் நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்படியானால் மரமே மேல் அல்லவா என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் தண்டவாளத்தில் வைத்திருந்த வெப்பமானியைக் குனிந்து பார்த்தார். இப்போது தண்டவாளங்கள் நீளத்துக்குப் பற்றவைக்கப்பட்டவை. விரிய இடைவெளி கிடையாது. வெயிலில் பக்கவாட்டில் நெளியப் பார்க்கும். அதை அடக்குவது கால் டன்னுக்கு மேல் எடையுள்ள கட்டையும், அதன் இடுக்கிலும் முனைகளிலும் குவிந்த ஜல்லியும்தான். மரக்கட்டைக்கு அந்தக் கனம் ஏது? வெயில் ஏறியபின் ஜல்லியைத் தோண்டினால் அந்தப் பிடியும் போய்விடும். அதனால் விடியற்காலையிலேயே வேலையைத் தொடங்கியிருந்தார்கள்.

நாலு பேர் கட்டைகளின் இடுக்கைத் தோண்டினார்கள். வெளியே வந்த கற்கள் ஆற்றுக்கல் போல முனை மழுங்கியிருந்தன. மழுங்கிய கல் ஒன்றையொன்று கவ்வாது. சேற்றை அள்ளிவிட்டுப் புது ஜல்லி கொட்டினார்கள். மரக்கட்டைக் காலத்தில் பீட்டரால் ஓங்கி இடித்து இறுக்குவார்களாம். கான்கிரீட்டில் அப்படி இடித்தால் விளிம்பு பெயர்ந்துவிடும். அதனால் அதிரும் இயந்திரத்தை இறக்கி, இரண்டு தண்டவாளங்களுக்கும் நேர் கீழே மட்டும் இறுக்கினார்கள். நடுவில் தளர்வாகவே விட்டார்கள். நடு இறுகினால் கட்டை சீசா போல அங்கே உட்கார்ந்து, மேல்முகத்தில் விரிசல் விடும். பக்கத்தில் கழற்றிப் போட்டிருந்த கட்டை ஒன்றில் நடுவில் மயிரிழை போலக் கோடு ஓடியது.

அடுத்து பாசஞ்சர் வந்தது. மேஸ்திரி குத்தவைத்துக் கவனித்தார். மூன்று கட்டைகள் அசையவில்லை.

"ரெண்டாவது இன்னும் ஆடுது. மிஷினை எடுங்கப்பா," என்றார்.