ஒரு வினாத்தாளும் நான் போடாத அட்டவணையும்

போன வருடம் மூன்றாம் தவணை வரலாற்றுப் புள்ளிகளை வாசித்துக் கொடுத்த அன்று, தரம் 10 பிள்ளை ஒருத்தி மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். புள்ளி 41. அழவில்லை, கோபப்படவுமில்லை. "சேர், கண்டி இராச்சியம் மூணு கிழமை படிச்சோம். அதுல ரெண்டு மூணு கேள்விதானே வந்திச்சி?" என்று மட்டும் கேட்டாள். "பரீட்சை எண்டா அப்படித்தான் மகள்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அந்தப் புள்ளியை வைத்துத்தான் அடுத்த வருட வகுப்புப் பிரிவு தீர்மானமானது. அவள் பின் பிரிவுக்குப் போனாள்.

அன்றிரவு அந்த வினாத்தாளை எடுத்து, ஒவ்வொரு வினாவுக்குப் பக்கத்திலும் அது எந்தப் பாடத்திலிருந்து வந்தது, எத்தனை புள்ளி என்று பென்சிலால் எழுதிக் கூட்டினேன். 100 புள்ளியில் 46 புள்ளி அநுராதபுர, பொலன்னறுவை அரசர்களுக்கு. கண்டி இராச்சியத்துக்கு 6. ஐரோப்பிய மறுமலர்ச்சி, போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் எல்லாம் சேர்த்து 3. இன்னொரு கூட்டலும் செய்தேன். வெறும் ஞாபகத்தால் விடை எழுதக்கூடிய வினாக்களுக்கு 78 புள்ளி. அவள் கேட்டது சரி. நான் சொன்ன பதில்தான் பிழை.

இது எப்படி நடந்தது என்பதும் விளங்கியது. நான் பாடப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து திறந்து வினா எடுக்கத் தொடங்குகிறேன். உற்சாகம் இருக்கும்வரை முன் பாடங்களில் நிறைய எடுக்கிறேன். நாற்பது வினா முடிந்ததும் நிறுத்திவிடுகிறேன். கடைசிப் பாடங்களுக்கு இடமே மிஞ்சுவதில்லை. ஞாபக வினா எழுத இரண்டு நிமிடம் போதும், யோசிக்க வைக்கும் வினாவுக்கு அரை மணித்தியாலம் வேண்டும். நேரமில்லாத ஆசிரியர் எதை எழுதுவார் என்று சொல்லத் தேவையில்லை.

இந்த வருடம் ஒரு வினாவும் எழுதுவதற்கு முன் அட்டவணை போட்டேன். ஆசிரிய பயிற்சியில் நாங்கள் எல்லாரும் படித்து, பரீட்சை எழுதி, பிறகு மறந்துபோன அதே அட்டவணைதான். சக ஆசிரியர்களுக்கும், பிள்ளையின் புள்ளியைப் பார்த்துக் கவலைப்படும் பெற்றோருக்கும் உதவும் என்பதால் செய்த விதத்தை எழுதுகிறேன்.

முதல் வேலை, எந்தப் பாடத்துக்கு எத்தனை புள்ளி என்பது. இதை என் விருப்பத்துக்கு விடவில்லை. பதிவுப் புத்தகத்தைப் பார்த்து உண்மையில் கற்பித்த பாடவேளைகளை எண்ணினேன். மொத்தம் 80. அலகுகளை ஆறு பகுதியாகச் சேர்த்துக்கொண்டேன். மூலாதாரங்களுக்கு 8 பாடவேளை போயிருந்தது. 80இல் 8 என்றால் 100இல் 10 புள்ளி. கண்டிக்கு 12 பாடவேளை, ஆகவே 15 புள்ளி. வருடம் முழுக்க எதற்கு நேரம் செலவழித்தோமோ அதற்குத்தான் புள்ளியும் போக வேண்டும்.

இரண்டாவது வேலை, அந்தப் புள்ளியைத் திறன்களாகப் பிரிப்பது. பெரிய வகைப்பாடுகளுக்குப் போகாமல் மூன்று நிரல் வைத்தேன். அறிவு 40, விளக்கம் 35, பிரயோகமும் பகுப்பாய்வும் சேர்த்து 25. வந்த அட்டவணை இது. அடைப்புக்குள் இருப்பது அதே ஒழுங்கில் மூன்று திறன்கள்.

மூலாதாரங்கள்: 10 (3, 3, 4)
குடியிருப்புகளும் அரசியல் அதிகாரமும்: 25 (12, 8, 5)
பண்டைய சமூகமும் தொழினுட்பமும்: 20 (8, 7, 5)
இராசதானிகள் தென்மேற்கே நகர்தல்: 15 (6, 6, 3)
கண்டி இராச்சியம்: 15 (6, 5, 4)
மறுமலர்ச்சியும் மேலைத்தேயரும்: 15 (5, 6, 4)

குறுக்கே கூட்டினாலும் கீழே கூட்டினாலும் கணக்கு சரிவர வேண்டும். சரிவராவிட்டால் எங்கோ ஒரு பாடத்துக்கு நாம் சலுகை கொடுத்திருக்கிறோம்.

மூன்றாவது, கடினம். இதில்தான் முதலில் தடுமாறினேன். அறிவு வினா என்றால் இலகு, பகுப்பாய்வு என்றால் கடினம் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. ஒரே பாடத்திலிருந்து இரண்டு வினா பாருங்கள். தம்பதெனியா, யாப்பகுவை, குருநாகல், கம்பளை ஆகியவற்றைக் கால ஒழுங்கில் எழுதுக. இது முழுக்க ஞாபகம், ஆனால் பாதிப் பிள்ளைகள் ஒழுங்கை மாற்றிவிடுவார்கள். அடுத்தது, இராசதானிகளை 1, 2, 3 என்று இலக்கமிட்ட ஒரு படத்தைக் கொடுத்து, அவை எந்தத் திசையை நோக்கி நகர்கின்றன என்று கேட்பது. இது படத்தை வாசித்து முடிவெடுக்கும் வேலை, ஆனால் பெரும்பாலானோர் சரியாகச் சொல்லிவிடுவார்கள். ஆகவே கடினத்தைத் தனியாகக் குறித்தேன். நடுத்தரமான பத்துப் பிள்ளைகளில் எத்தனை பேர் இதைச் செய்வார்கள் என்று நானும் பக்கத்து வகுப்பு டீச்சரும் தனித்தனியே எழுதினோம். எட்டுக்கு மேல் இலகு, ஐந்து முதல் எட்டு வரை நடுத்தரம், நாலும் அதற்குக் குறைவும் கடினம். இருவரும் மிகவும் வேறுபட்ட வினாக்களை மட்டும் உட்கார்ந்து பேசினோம். 30 புள்ளி இலகு, 50 நடுத்தரம், 20 கடினம் என்பது எங்கள் இலக்கு.

மூலாதாரங்களுக்கு நான் வைத்திருந்த வினா காலி மும்மொழிக் கல்வெட்டு. 1409ஆம் ஆண்டுக்குரியது, சீனத் தளபதி செங் ஹோவின் பயணத்தோடு தொடர்புடையது. சீனம், தமிழ், பாரசீகம் மூன்றிலும் காணிக்கைகளைச் சொல்கிறது. சீனத்தில் புத்தருக்கு, தமிழில் தெனவரை நாயனாருக்கு, பாரசீகத்தில் அல்லாஹ்வின் பெயரில். இதிலிருந்து அந்தக் கரையோரத்தில் இருந்தவர்களைப் பற்றி இரண்டு முடிவுகளைக் காரணத்தோடு எழுதச் சொல்லியிருந்தேன், 4 புள்ளி. நான் எழுதியதிலேயே எனக்கு மிகப் பிடித்த வினா அதுதான்.

டீச்சர் பார்த்துவிட்டுச் சொன்னா, "சேர், இத நான் கிளாஸ்ல நோட்ஸா சொல்லிக் குடுத்துட்டேனே. ரெண்டு முடிவும் கொப்பில இருக்கு."

அப்படியென்றால் அவவின் வகுப்புக்கு அது பகுப்பாய்வு அல்ல, அறிவு. என் வகுப்புக்கு மட்டும்தான் பகுப்பாய்வு. ஒரே வினா இரண்டு வகுப்பில் இரண்டு நிரலில் நிற்கிறது. திறன் என்பது வினாவின் சொற்களில் மட்டும் இல்லை, பிள்ளை அதை ஏற்கெனவே பார்த்திருக்கிறதா என்பதிலும் இருக்கிறது. வழிகாட்டிப் புத்தகத்திலிருந்து "ஆராய்க" என்று தொடங்கும் வினாவை எடுத்துப் போட்டு, பகுப்பாய்வுக்கு 10 புள்ளி கொடுத்தோம் என்று நாம் திருப்திப்படும்போது நடப்பது இதுதான்.

மனமில்லாமல் அதை எடுத்துவிட்டு, இரண்டு வகுப்பிலும் விரிவாகப் பேசாத வல்லிபுரம் பொற்சாசனத்தை வைத்தோம். வசப மன்னன் காலத்தில் ஓர் அமைச்சர் நாகதீபத்தை நிர்வகித்தார் என்று அது சொல்வதைச் சுருக்கமாக வினாவிலேயே கொடுத்தோம். எங்கே கிடைத்தது என்பதற்கு 1 புள்ளி, அறிவு. சாசனம் ஒன்று வம்சக்கதை நூலிலிருந்து மூலாதாரமாக எவ்வாறு வேறுபடுகிறது என்பதற்கு 2, விளக்கம். அநுராதபுர ஆட்சி எவ்வளவு தூரம், எந்த முறையில் நடந்தது என்று இதிலிருந்து என்ன முடிவுக்கு வரலாம் என்பதற்கு 4, பகுப்பாய்வு. மிகுதி 3 புள்ளி பல்தேர்வில், அறிவு 2, விளக்கம் 1. அட்டவணையின் முதல் வரி நிரம்பிவிட்டது.

தெரிவு வினாக்கள் அட்டவணையையே உடைத்துவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். "7 வினாக்களில் 4க்கு விடை தருக" என்றால், பாதிப் புத்தகத்தைத் திறக்காமலே ஒரு பிள்ளை முழுப் புள்ளி எடுக்கலாம். நாம் போட்ட அட்டவணை ஒன்று, பிள்ளை எழுதிய பரீட்சை வேறொன்று. அதனால் இம்முறை தெரிவை ஒரு பாடத்துக்குள்ளேயே வைத்தோம். கண்டியில் "அ" அல்லது "ஆ". இரண்டுக்கும் ஒரே திறன், ஏறத்தாழ ஒரே கடினம்.

இவ்வளவு செய்தும் ஒரு பிழை தப்பிவிட்டது. "பராக்கிரமபாகு மன்னனின் இராசதானி எது?" என்று ஒரு பல்தேர்வு வினா. இலகு என்று குறித்திருந்தோம். என் வகுப்பில் 36 பேரில் 9 பேர்தான் சரி. நாலு விடையில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றுக்குக் கீறினாலே காற்பங்குப் பேருக்குச் சரிவரும். 36இல் காற்பங்கு 9தான். விடைத்தாள்களை மொத்தப் புள்ளி ஒழுங்கில் அடுக்கிப் பார்த்தேன். மேல் 12 பேரில் 3 பேர் சரி, கடைசி 12 பேரில் 4 பேர் சரி. நன்றாகப் படித்தவர்கள் கூடுதலாகப் பிழைவிடும் வினா என்றால் குற்றம் பிள்ளையில் இல்லை. திரும்ப வாசித்தபோதுதான் தெரிந்தது. எத்தனையாவது பராக்கிரமபாகு என்று எழுத மறந்திருக்கிறேன். விடைகளில் பொலன்னறுவையும் இருந்தது, தம்பதெனியாவும் இருந்தது. முதலாம் பராக்கிரமபாகுவுக்கு ஒன்று, இரண்டாமவருக்கு மற்றது, இரண்டுமே சரி. இரண்டு விடைக்கும் புள்ளி கொடுத்தோம். அட்டவணை சமநிலையைத்தான் பார்க்கும், வினாவின் வசனத்தைப் பார்க்காது. அதற்கு இன்னொருவர் விடையைப் பார்க்காமல் வினாத்தாளைச் செய்து பார்க்கத்தான் வேண்டும்.

வகுப்புச் சராசரி பெரிதாகக் கூடவில்லை. மாறியது வேறொன்று. இந்த வருடம் இரண்டு பிள்ளைகளுக்கு 52 புள்ளி. நிரல் நிரலாகக் கூட்டினால் ஒருவருக்கு அறிவு 33, விளக்கம் 15, பகுப்பாய்வு 4. மற்றவருக்கு 18, 17, 17. முதலாமவருக்கு இன்னும் பாடமாக்கு என்று சொல்வதில் பலனில்லை, ஒரு படத்தையோ சாசனத்தையோ கொடுத்துப் பேசவைக்க வேண்டும். இரண்டாமவர் யோசிக்கக்கூடியவர், கொப்பைத் திறப்பதில்லை, அவ்வளவுதான். போன வருட வினாத்தாளில் இந்த இரண்டாவது பிள்ளைக்கு இதைவிடக் குறைவாகத்தான் கிடைத்திருக்கும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். புள்ளி அட்டை வாங்க வரும்போது "எத்தனை புள்ளி" என்று கேட்டபின், "எந்தப் பக்கத்தில குறைஞ்சிருக்கு சேர்?" என்றும் கேளுங்கள். எங்களிடம் அட்டவணை இருந்தால் பதில் சொல்வோம். இல்லாவிட்டால் அடுத்த தவணைக்காவது போட்டு வைப்போம்.

அந்தப் பிள்ளை இப்போது தரம் 11. போன கிழமை வராந்தாவில் கண்டு, "நீ கேட்டது சரி மகள், வினாத்தாள்தான் பிழை" என்று சொன்னேன். சிரித்துக்கொண்டு போனாள். 41ஐ இனி மாற்ற வழியில்லை.