புரதம் போக மிச்சம்

புரதத்தை முடிவு செய்வது சுலபம். உடல் எடையைப் பார்த்து ஓர் எண்ணைப் போட்டால் முடிந்தது. உணவு ஆலோசகராக என் வேலை பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் இருக்கிறது. மிச்சமிருக்கும் கலோரியில் எண்ணெய்க்கு எவ்வளவு, சோற்றுக்கு எவ்வளவு என்று பிரிப்பதில்தான் திட்டம் நிற்கும், அல்லது இரண்டாவது வாரமே கலையும்.

திருநள்ளாற்றில் இந்தப் பிரிவினைக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. காரைக்கால் கடற்கரை பக்கத்தில் இருப்பதால் வாரநாளில் மீன் தாராளமாகக் கிடைக்கும். சனிக்கிழமை வந்தால் சனீஸ்வரன் சன்னதி ஊர் என்பதால் பல வீடுகளில் கவுச்சி ஏறாது. ஒரே ஆளுக்கு வாரத்தில் இரண்டு கணக்கு போட வேண்டும்.

என்னிடம் வந்த ஒருவரின் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். கடையில் கணக்கு எழுதுபவர், நாற்பது வயதைத் தாண்டியவர், எடை 70 கிலோ. வயிற்றுச் சதையைக் குறைக்க வேண்டும், ஆனால் சோற்றை விட மாட்டார். நாளைக்கு 1800 கலோரி என்று முடிவு செய்தோம். கிலோவுக்கு 1.2 கிராம் வீதம் புரதம் 84 கிராம். புரதம் கிராமுக்கு 4 கலோரி, ஆக ஏறக்குறைய 340 கலோரி போனது. மிச்சம் 1460.

இங்கே நான் எப்போதும் கொழுப்பை முதலில் நிறுத்துவேன். காரணம், கொழுப்புக்குக் கீழே போகக் கூடாத ஒரு தரை இருக்கிறது. மாவுச்சத்துக்கு அந்த அளவு கறாரான தரை கிடையாது. உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்து வெளியிட்ட 2010 அறிக்கை, பெரியவர்களுக்கு மொத்தக் கலோரியில் குறைந்தது 15 சதவீதம் கொழுப்பு என்கிறது. கருத்தரிக்கும் வயதுப் பெண்களுக்கு 20 சதவீதம். நான் எல்லோருக்கும் 20-ஐயே தரையாக வைத்துக்கொள்கிறேன். 1800-க்கு அது 40 கிராம். நம் சமையலில் அதற்குக் கீழே போனால் தாளிப்பு செத்துவிடும், மனிதர் ஒரு மாதம்கூடத் தாங்க மாட்டார். இவருக்கு 55 கிராம் வைத்தேன். கிராமுக்கு 9 கலோரி என்பதால் 495. மீதி 965-ஐ 4-ஆல் வகுத்தால் மாவுச்சத்து 240 கிராம்.

எண்கள் வந்துவிட்டன என்று இங்கேயே நிறுத்துபவர்கள் அதிகம். தட்டில் வைக்கும்போதுதான் கணக்கு கலைகிறது. புரதம் தனியாக வருவதில்லை. முட்டை கொழுப்போடு வரும், பருப்பு மாவுச்சத்தோடு வரும், பால் இரண்டையும் கூட்டி வரும். அரிசியிலும் 100 கிராமுக்கு 8 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது. அதனால் புரதம் தரும் பண்டங்களை முதலில் அடுக்கி, அவை ஏற்கெனவே எவ்வளவு கொழுப்பையும் மாவையும் எடுத்துக்கொண்டன என்று கழித்த பிறகே எண்ணெயையும் அரிசியையும் தொட வேண்டும்.

வாரநாளில் அவருக்கு முள் நீக்கிய சங்கரா மீன் 150 கிராம், இரண்டு முட்டை, கொழுப்புக் குறைத்த பாலும் தயிருமாக 300 மில்லி, துவரம்பருப்பு 30 கிராம். இவற்றில் கிட்டத்தட்ட 59 கிராம் புரதம் வந்துவிடும். மீதி அரிசியிலிருந்தும் காய்கறியிலிருந்தும் வரும். இந்தப் பண்டங்களே 23 கிராம் வரை கொழுப்பைக் கொண்டுவந்துவிட்டன. 55-இல் மிச்சம் 32. தேங்காய்த் துருவல் 30 கிராம் 10 கிராமை எடுத்துக்கொள்ள, அரிசியிலும் காயிலும் உள்ள துளிக் கொழுப்பும் போக எண்ணெய்க்கு நின்றது 20 கிராம், நாலரைத் தேக்கரண்டி. பால், பருப்பு, காய், ஒரு சிறு வாழைப்பழம் போக அரிசிக்கு நின்றது 220 கிராம். காலை இட்லி மாவில் உள்ள அரிசியும் இதற்குள் அடக்கம். எல்லாம் சமைக்காத எடை. வெந்த சோறு தண்ணீரைப் பொறுத்து இரண்டரை மடங்கும் ஆகும், மூன்று மடங்கும் ஆகும். சோற்றை நிறுத்தால் கணக்கு தினம் மாறும்.

எண்ணெய் அளவு அவர் மனைவிக்கு நம்பிக்கையாக இல்லை. "நாலு பேருக்கு மாசம் நாலு லிட்டர்தான் மேடம் வாங்குறோம், அது ரொம்ப கம்மிதானே?" என்றார். ஆளுக்கு மாதம் ஒரு லிட்டர் என்றால் நாளைக்கு 30 கிராம், 270 கலோரி. நாங்கள் ஒதுக்கியதைவிட 10 கிராம் கூடுதல். எண்ணெய் பாட்டிலைக் காலையிலும் இரவு அடுப்பை அணைத்த பிறகும் தராசில் வைக்கச் சொன்னேன். கரண்டியால் அளப்பதைவிட இது உண்மை சொல்லும். தோசைக்கல்லில் சுற்றி ஊற்றுவதும் அதில் விழுந்துவிடும்.

சனிக்கிழமைக்கு வருவோம். மீனும் முட்டையும் போனால் 43 கிராம் புரதமும் 13 கிராம் கொழுப்பும் போய்விடும். அதை ஈடுகட்ட துவரம்பருப்பை 70 கிராமாக ஏற்றினேன். மீல் மேக்கர் 30 கிராம், கொண்டைக்கடலைச் சுண்டலுக்கு 40 கிராம், தயிர் இன்னொரு 300 மில்லி. போன கொழுப்பு ஏறக்குறைய திரும்பி வந்துவிட்டது. ஆனால் இந்தப் புரதம் கூடவே 65 கிராம் மாவுச்சத்தையும் இழுத்துவந்தது. அதை அரிசியில் கழித்தால் 220 என்பது 140-க்குப் போகும். சோறு விடாதவரிடம் அதைச் சொல்லிப் பயனில்லை.

அப்போதுதான் தரைக்கும் வைத்த அளவுக்கும் இடையிலுள்ள 15 கிராம் கொழுப்பு உதவுகிறது. ஒரு தேக்கரண்டி எண்ணெய் 40 கலோரி. அதை விட்டால் 11 கிராம் அரிசி வாங்கலாம். சனிக்கிழமை மட்டும் கொழுப்பை 45-க்கு இறக்கினேன். 10 கிராம் எண்ணெய்க்குப் பதில் 25 கிராம் அரிசி கிடைத்தது, மொத்தம் 165 ஆயிற்று. அரிசி குறைந்ததால் அதிலிருந்து வரும் புரதமும் குறைந்து, அன்றைய புரதம் 76-இல் நின்றது. அதை 84 ஆக்க நான் முயலவில்லை. வாரத்தில் ஒரு நாள் 8 கிராம் குறைவதால் எதுவும் கெடாது. அதைத் துரத்தப் பன்னீரைச் சேர்த்தால் அதன் கொழுப்பு அன்றைய எண்ணெய் ஒதுக்கீட்டில் பாதிக்கு மேல் தின்றுவிடும். எள்ளுருண்டையும் அப்படித்தான், எள்ளில் பாதியளவு எண்ணெய்தான். சனிக்கிழமை அது சாப்பிட ஆசைப்பட்டால் தேங்காயை விட்டுவிடச் சொன்னேன்.

திட்டம் பொருந்துகிறதா என்று எடையை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் பசி கிள்ளினால் கொழுப்பைக் கொஞ்சம் ஏற்றி அரிசியைக் குறைத்துப் பார்ப்பேன். மாலையில் சைக்கிள் மிதிக்கவோ மாடிப்படி ஏறவோ கால் சோர்ந்தால் அதற்கு நேர்மாறு. இரண்டுக்கும் மொத்தக் கலோரி மாறாது, புரதத்தையும் தொட மாட்டேன். மூன்று வாரம் எண்ணெய் பாட்டிலும் அரிசித் தராசும் ஒழுங்காக இருந்து எடை அசையவில்லை என்றால்தான் 1800 என்ற எண்ணையே 100 குறைப்பேன். அந்த 100-ஐ 28 கிராம் அரிசியில் எடுப்பேன்; கொழுப்பு ஏற்கெனவே தரைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கிலோவுக்கு 1.2 என்ற புரத அளவைத் தாமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இன்சுலினோ சர்க்கரையை இறக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள், மருந்தளவை மாற்ற வேண்டுமா என்று மருத்துவரைக் கேட்காமல் அரிசியைக் குறைக்காதீர்கள்.