வருஷத்துக்கு 13 மாசம்

போன ஜனவரியில மூணு நாள் தாத்தா போன் எடுக்கல. எடுக்கலன்னு சொல்றதே தப்பு, போன் அவருக்கு அடிக்கவே இல்ல. அப்பா கூப்பிடும்போதெல்லாம் "இந்த எண்ணுக்கு இன்கமிங் வசதி இல்லை"ன்னு ஒரு அம்மா சொல்லிட்டே இருந்தாங்க. ஒரத்தநாட்டுப் பக்கம் கிராமத்துல 78 வயசு ஆளு, தனியா இருக்கார். மூணாவது நாள் அப்பா பக்கத்து வீட்டு மாமாவுக்குப் போன் போட்டு, போய்ப் பார்க்கச் சொன்னார். தாத்தா திண்ணையில உட்கார்ந்து பேப்பர் படிச்சிட்டிருந்தாராம். "நீங்கதான்டா மூணு நாளா கூப்பிடல"ன்னு அவருக்கு அப்பா மேல கோபம் வேற.

ரீசார்ஜ் முடிஞ்சிருந்தது, அவ்ளோதான். போகிக்கு ஊருக்குப் போனப்ப இந்த வேலை என் தலையில விழுந்தது. "நீதான் இசிஇ படிக்கிறியே, பாத்து ஒரு நல்லதா போட்டுக் குடு."

எனக்கு வயர்லெஸ் பேப்பர்ல ரோமிங் பத்தி 16 மார்க் எழுதத் தெரியும். 'வேலிடிட்டி'ன்னா என்னன்னு தாத்தாவுக்குச் சொல்ல அன்னைக்கு வாய் வரல.

ப்ரீபெய்டு மட்டும் சுலபமா முடிஞ்சது. மளிகைக் கடையில கணக்கு எழுதி மாசக் கடைசில காசு கொடுத்தா போஸ்ட்பெய்டு, காச வெச்சிட்டு சாமான் வாங்கினா ப்ரீபெய்டு. ஆனா அங்கேயே மடக்கினார். "காச முன்னாடியே வாங்கிட்டான்ல? நான் யாருக்கும் பேசல, செலவே பண்ணல. அப்பறம் ஏன் நிறுத்துனான்?"

அவர் கேட்டது நியாயம்தான். அவர் மனசுல இருக்கிறது பழைய டாப்-அப். காசு போட்டா பேசப் பேசக் குறையும், பேசலன்னா அப்படியே கிடக்கும். 2006 வாக்குல லைஃப்டைம் கார்டுன்னு ஒண்ணு வித்தாங்க, அதையும் வாங்கி வெச்சிருந்தார். 2018 கடைசிலதான் கம்பெனிகள் இன்கமிங்குக்கே குறைஞ்சபட்ச ரீசார்ஜ் வேணும்னு மாத்தினது. "லைஃப்டைம்னு சொன்னான், யாரு லைஃப்னு சொல்லலயே"ன்னார். நான் பதில் சொல்லல.

இப்போ நாம வாங்குறது பேச்சு இல்ல தாத்தா, நாள்னு சொன்னேன். இத்தனை நாளைக்கு லைன் உயிரோட இருக்கும், அதுக்குத்தான் காசு. நீங்க பேசினாலும் பேசாட்டியும் நாள் ஓடும்.

"அதாவது கெடு."

கரெக்ட். நான் 'செல்லுபடியாகும் காலம்'னு கூகுள்ல தேடிட்டு இருந்தேன், அவர் ரெண்டே எழுத்துல முடிச்சிட்டார்.

அப்பறம் உள்ள போய் ஒரு நோட்டு எடுத்துட்டு வந்தார். ஒவ்வொரு ரீசார்ஜும் தேதி போட்டு எழுதியிருக்கார். 2025ல ஜனவரி 3, ஜனவரி 31, பிப்ரவரி 28, மார்ச் 28... கடைசியா டிசம்பர் 5. எண்ணிப் பாத்தா 13 தடவை. "பென்ஷன் 12 தடவ வருது. இவனுக்கு மட்டும் எப்படிடா 13 மாசம்?"

28 நாளை 13ஆல பெருக்கினா 364. மாச பிளான்னு நாம சொல்றது மாசம் இல்ல, நாலு வாரம். தேதி ஒவ்வொரு தடவையும் முன்னாடி நகர்ந்துட்டே வரும், அதனாலதான் அவருக்கு ஞாபகத்துல நிக்கல. ஜனவரி 1ல முடிஞ்சது, அவருக்கு அப்போ காய்ச்சல், கடைப்பக்கம் போகல. கெடு முடிஞ்ச உடனே எல்லாம் நிக்காது. முதல்ல அவுட்கோயிங் போகும், இன்கமிங் சில நாள் ஓடிட்டு அப்பறம் நிக்கும். யாருக்கும் கூப்பிடாத மனுஷனுக்கு அவுட்கோயிங் போனது தெரியவே இல்ல. (30 நாள் பிளான் ஒண்ணாவது வைக்கணும்னு டிராய் 2022லயே சொல்லிருக்கு. லிஸ்ட்ல ரொம்பக் கீழ போனா இருக்கும்.)

அடுத்து டேட்டா. கடைக்காரர் அவருக்குப் போட்டுட்டு இருந்தது தினம் ஒன்றரை ஜிபி. போன் செட்டிங்ஸ்ல பாத்தேன், போன 30 நாள் ரீசார்ஜ் ஓடினப்போ மொத்தமே 1.9 ஜிபிதான் செலவு. 28 நாளுக்கு 42 ஜிபி வாங்கி ரெண்டு ஜிபி கூடத் தொடல. "மிச்சத்த அடுத்த மாசத்துக்கு வெச்சுக்கலாம்ல?"ன்னார். முடியாது. ராத்திரி 12 மணிக்கு அன்னைய கணக்கு முடியும், மறுநாள் புதுசா ஒன்றரை.

இதுக்கு எனக்கு உதாரணம் தேட வேண்டியிருக்கல, வாசல்லயே இருந்தது. புது ஆத்துல முறை வெச்சுத் தண்ணி விடுறாங்கல்ல, உங்க முறையில நீங்க பாய்ச்சலன்னா தண்ணி போயிடும், சேத்து வைக்க முடியாது. தினசரி டேட்டா அதுதான். தாத்தா உடனே கேட்டார், "அப்ப கிணறு மாதிரி எதுவும் இல்லையா?"

இருக்கு! எனக்கே அப்பதான் தோணுச்சு. தினசரி வரம்பு இல்லாம மொத்தமா கொடுக்கிற பிளான். 84 நாளுக்கு 6 ஜிபின்னு ஒண்ணு இருந்தது. எப்ப வேணா எடுக்கலாம், தீர்ந்தா தீர்ந்தது. அவர் செலவுக்கு 84 நாளைக்குக் கணக்குப் போட்டா 5.3 ஜிபி வருது. கொஞ்சம் இறுக்கம்தான். ஆனா அந்த 1.9ல பாதிக்கு மேல சொந்தக்காரங்க குரூப்ல வர்ற குட் மார்னிங் வீடியோ தானா இறங்கினது. வாட்ஸ்அப்ல ஆட்டோ டவுன்லோடை நிறுத்தினேன். அவருக்கு வேண்டியது ஞாயித்துக்கிழமை பெங்களூர்ல இருக்கிற அத்தையோட பேத்திய வீடியோல பாக்கிறது மட்டும்தான்.

அந்த வீடியோ இல்லன்னா டேட்டாவே இல்லாம வெறும் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பிளானே போதும். 2024 டிசம்பர்ல டிராய் அதைக் கட்டாயமாக்கிடுச்சு. உங்க வீட்ல பட்டன் போன் வெச்சிருக்கிறவங்க இருந்தா ஆப்ல அதைத் தேடிப் பாருங்க, முதல் பக்கத்துல காட்ட மாட்டாங்க. விலை எதையும் நான் எழுதல, இந்த இதழ் வர்றதுக்குள்ள மாறியிருக்கும்.

பக்கத்து வீட்டு மாமா நடுவுல வந்து, "தினசரி பிளான்னா டேட்டா தீர்ந்தாலும் ஸ்லோவா ஓடும்ல, அதையே போடு"ன்னார். ஓடும், பல பிளான்ல 64 கேபிபிஎஸ் வேகத்துல. 1 எம்பி போட்டோ ஒண்ணு இறங்க 125 செகண்ட், ரெண்டு நிமிஷத்துக்கு மேல. வீடியோ காலை மறந்துடலாம். தாத்தா சிரிச்சார், "அது ஓடுறது இல்ல, கசியிறது."

84 நாள் பிளானையே போட்டேன். ஜனவரி 14லேர்ந்து எண்ணி, கடைசி நாள் ஏப்ரல் 7. சித்திரை பொறக்க ஒரு வாரம் முன்னாடி. காலண்டர்ல ஏப்ரல் 5ஐ வட்டம் போட்டு 'கெடு'ன்னு அவரே எழுதினார்.

ரோமிங் மட்டும் பாக்கி. பிப்ரவரியில அத்தை வீட்டுக்குப் போறதா இருந்தார். முன்னாடியெல்லாம் வெளி மாநிலத்துல போன் எடுத்தாலே நம்ம காசு போகும், அதனால கட் பண்ணிட்டு பூத்துலேர்ந்து கூப்பிடுவாராம். இப்போ இந்தியாவுக்குள்ள அது இல்ல, உங்க பிளான் பெங்களூர்லயும் அப்படியேதான்னு சொன்னேன். வெளிநாடு போனாதான் தனி பேக் போடணும், அது இல்லாம எடுத்தா இன்கமிங்குக்கும் காசு. இன்னொண்ணு, சில போன்ல வேற மாநிலம் போனதும் நெட் நின்னுடும். பிளான்ல தப்பு இருக்காது, செட்டிங்ஸ்ல Data roaming ஆஃப்ல இருக்கும். அதையும் ஆன் பண்ணிக் கொடுத்தேன். எல்லாத்துக்கும் தலையாட்டினார்.

பிப்ரவரியில பெங்களூருக்குக் கூப்பிட்டேன். முழுசா அடிச்சு நின்னுது. ரெண்டாவது தடவை எடுத்து அவசரமா, "வை வை, நான் அத்த போன்லேர்ந்து கூப்பிடுறேன்"ன்னார்.

"தாத்தா, காசு போகாது. ஊர்லயே சொன்னேன்ல."

"எனக்குப் போகாதுன்னு தெரியும்டா. உனக்கு?"